சிவப்புக் கோட்டை பவர் பக்கம்தான் வைத்தேன், டிஸ்க் வரவில்லை

மே 6, இரவு. காவேரிப்பட்டணம் எடைமேடை

ரோட்டோரம் எடைமேடை வச்சிருக்கேன். அதுல இருக்கிறது பழைய கம்ப்யூட்டர், டாஸ்ல ஓடுற எடை புரோகிராம். மாங்காய் சீசன் ஆரம்பிச்சுட்டதால லோடு வண்டி வர்றதுக்கு முன்னாடி தூசி தட்டலாம்னு டிஸ்க்கை மட்டும் கழட்டித் துடைச்சேன். திரும்ப மாட்டும்போது பட்டைக் கேபிள்ல சிவப்புக் கோடு எந்தப் பக்கம்னு மறந்துடுச்சு. தெரிஞ்ச பையன் ஒருத்தன் "சிவப்பு எப்பவுமே பவர் ஒயர் பக்கம்"னு சொன்னான். அப்படியே மாட்டினேன். இப்போ பெட்டி முகப்புல சிவப்பு லைட்டு அணையவே மாட்டேங்குது. கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்கிரீன்ல இது வருது:

```
Primary master hard disk fail
```

டிஸ்க் போச்சா? கேபிள் போச்சா? புரோகிராம் போட்டுக் கொடுத்தவர் இப்போ உயிரோட இல்லைங்க.

மே 6, இரவு. தருமபுரி சர்வீஸ்

டிஸ்க் போகவில்லை. நீங்கள் சொன்ன அந்த லைட்டே அதற்குச் சாட்சி. இன்றைக்கு இனி பவர் போட வேண்டாம். கேபிளில் எத்தனை கனெக்டர், கனெக்டரின் நடுவில் வெளிப்பக்கம் சின்னப் புடைப்பு இருக்கிறதா, போர்டில் பின்களைச் சுற்றிப் பிளாஸ்டிக் சுவர் இருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். துடைத்தபோது போர்டு பக்க முனையையும் கழற்றினீர்களா?

மே 7, காலை. தருமபுரி சர்வீஸ்

பதில் வருவதற்குள் அந்த லைட்டைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

கேபிளின் ஒரு முனை மட்டும் தலைகீழானால், போர்டின் ஒவ்வொரு பின்னும் டிஸ்க்கில் எதிர்மூலையில் இருக்கும் பின்னோடு போய்ச் சேரும். எது எதோடு சேரும் என்பது 41-இல் இருந்து கழித்தால் வந்துவிடும். போர்டின் 39 டிஸ்க்கின் 2-க்குப் போகும். 39 என்பது "டிஸ்க் வேலையில் இருக்கிறது" என்று சொல்லும் கம்பி, அது கிரவுண்டுக்கு இறங்கினால் லைட் எரியும். டிஸ்க்கின் 2 எப்போதுமே கிரவுண்டு. அதனால் டிஸ்க் எந்த வேலையும் செய்யாமலே லைட் நின்று எரிகிறது.

அதே கணக்கில் டிஸ்க்கின் 1 போர்டின் 40-க்குப் போகிறது. 1 ரீசெட் கம்பி, 40 கிரவுண்டு. யாரோ ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இருப்பது மாதிரி டிஸ்க் கிடக்கும். போர்டு எத்தனை முறை கூப்பிட்டாலும் பதில் வராது. கடைசியில் அந்த வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலை பார்க்கிறேன். கேபிளைக் கழற்றி மாட்டிய கையோடு லைட் நின்று எரிந்தால் நான் முதலில் டிஸ்க்கைச் சந்தேகப்படுவதே இல்லை, கேபிளைத்தான் பார்ப்பேன்.

மே 7, காலை. ஓசூர் டூல்ரூம்

தலைகீழா மாட்டினா போர்டு எரிஞ்சிடும் சார், அதைச் சொல்லாம விட்டுட்டீங்க. எங்க கம்பெனியில பழைய மெஷின் கன்ட்ரோலர் ஒண்ணு அப்படித்தான் போச்சு. அப்புறம் பின் 1 கண்டுபிடிக்க ஈஸி வழி இருக்கு. மீட்டரை பீப்ல வச்சு, ஒரு புரோப் பாடியில, இன்னொண்ணு கடைசி பின்ல. எந்தப் பக்கம் பீப் அடிக்குதோ அது 40. எதிர்ப்பக்கம் 1.

மே 7, மதியம். தருமபுரி சர்வீஸ்

ஓசூர் அண்ணன் சொன்னதில் மீட்டர் யோசனை சரி, கடைசி பின் யோசனை தவறாகப் போகும். 40 கிரவுண்டு, 2-உம் கிரவுண்டு. இரண்டும் ஒரே வரிசையில், இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. அதனால் இரண்டு பக்கமும் பீப் அடிக்கும். முதலில் தொட்ட பக்கத்தையே 40 என்று முடிவு கட்டினால் பாதி நேரம் தப்பாகும்.

ஆனால் அந்தப் பீப் வீணில்லை. எந்த வரிசை இரட்டை எண் வரிசை என்று அது சொல்லிவிடுகிறது. அந்த வரிசையிலேயே ஒவ்வொரு பின்னாகத் தொட்டுக்கொண்டு போங்கள். ஒரு கோடியில் ஒரே ஒரு பீப், அதன் பிறகு நடுப்பகுதி வரை அமைதி. நடுவைத் தாண்டியதும் 22, 24, 26 என்று மூன்று பின் அடுத்தடுத்துப் பீப் அடிக்கும். 30-உம் அடிக்கும். பல போர்டுகளில் 28-ஐயும் கிரவுண்டில் கட்டியிருப்பார்கள், அப்போது ஐந்து பீப் தொடராக வரும். பீப் கூட்டமாக இருக்கும் பாதி 40 பக்கம். தனிப் பீப் கேட்ட கோடி 2, அதற்கு நேர் எதிரில் இருப்பது 1.

பவர் ஒயரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு, பட்டைக் கேபிளையும் போர்டிலிருந்து கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். கேபிள் மாட்டியிருந்தால் டிஸ்க்கின் கிரவுண்டும் சேர்ந்து பீப் அடித்து எல்லாக் கணக்கும் குழம்பும்.

போர்டு எரியும் என்பதைப் பற்றி: 40 பின் கேபிளில் 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ கொடுக்கிற பவர் கம்பி கிடையாது, எல்லாம் சிக்னலும் கிரவுண்டும்தான். தலைகீழாகப் போட்டதால் 40 பின் டிஸ்க் செத்து நான் பார்த்ததில்லை. உங்கள் கன்ட்ரோலரில் கேபிள் எத்தனை பின் என்று பார்த்தீர்களா?

மே 7, மாலை. ஓசூர் டூல்ரூம்

பார்த்தேன் சார். 50 பின். ஐடிஇ இல்ல, அந்த மெஷின்காரனோட சொந்த வயரிங். பவரும் அதுலயே போகுது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டேன். ஆனா பீப் வழியில இத்தனை வருஷம் எனக்குத் தப்பே வந்ததில்லையே!

மே 7, மாலை. தருமபுரி சர்வீஸ்

புடைப்பும் சுவரும் இருக்கும் கேபிள்களாக உங்கள் கைக்கு வந்திருக்கும். அவை தப்பாக நுழையவே நுழையாது, மீட்டரே தேவைப்பட்டிருக்காது.

மே 7, இரவு. கிருஷ்ணகிரி பாலிடெக்னிக்

அண்ணா, எனக்கும் இதே டவுட். என் கேபிள்ல சிவப்பு ஒரு இடத்துல இல்ல, நாலு இடத்துல இருக்கு! கலர் கலரா இருக்கிற கேபிள். முதல் சிவப்பை பின் 1-னு வச்சு மாட்டப் பார்த்தேன். ஆனா அது ஓரத்துல இல்ல, ஓரத்துல இருந்து ரெண்டாவதா இருக்கு. ஒரு பின் தள்ளி மாட்டணுமா?

மே 7, இரவு. தருமபுரி சர்வீஸ்

தள்ளி மாட்டாதே தம்பி! உன்னிடம் இருப்பது வானவில் கேபிள். அதில் "சிவப்புக் கோடு" கிடையாது. நிறங்களே எண்கள். ரெசிஸ்டர் நிற வரிசையைப் படித்திருப்பாய்: பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3 என்று போய் வெள்ளை 9, கறுப்பு 10-க்கு. பிறகு மறுபடி பழுப்பு. 40 கம்பியில் நான்கு சுற்று வருவதால்தான் உனக்கு நாலு சிவப்பு. ஒரு ஓரம் பழுப்பு, மறு ஓரம் கறுப்பு. பழுப்பு ஓரம்தான் 1.

டியூப் லைட் வெளிச்சத்தில் பழைய பழுப்பு சிவப்பு மாதிரியே தெரியும். அடுத்த கம்பியோடு சேர்த்து வைத்துப் பார்.

மே 8, காலை. காவேரிப்பட்டணம் எடைமேடை

மன்னிக்கணும், நேத்து முழுக்க வண்டி. கையால எழுதி பில்லு போட்டேன். கேட்டதுக்கு பதில்: கேபிள்ல ரெண்டே கனெக்டர், புடைப்பு இல்லை. போர்டுல சுவர் இல்லை, வெறும் பின்னு நட்டு வச்ச மாதிரி இருக்கு. "1"-னு எங்கயும் எழுதலை, இருந்தாலும் அழுக்குல தெரியலை. 40 பின்னும் முழுசா இருக்கு. போர்டு பக்கத்தை நான் தொடவே இல்லைங்க, டிஸ்க் பக்கம் மட்டும்தான் கழட்டினேன். அப்படின்னா தப்பு டிஸ்க் பக்கம்தானே? ஆனா அங்கே சிவப்பு பவர் பக்கம்தான் இருக்கு!

மே 8, காலை. தருமபுரி சர்வீஸ்

இதைத்தான் எதிர்பார்த்தேன். முதலில் டிஸ்க்கைத் தனியாகப் பாருங்கள். பின்களில் ஒரு இடம் காலியாக இருக்கும், அது 20. அந்த வரிசையில் காலி இடத்துக்கு ஒரு பக்கம் எத்தனை பின், மறு பக்கம் எத்தனை பின் என்று தீக்குச்சியால் எண்ணுங்கள். ஒரு பக்கம் 9, மறு பக்கம் 10 வரும். 9 இருக்கும் பக்கம்தான் 1, 2 இருக்கும் கோடி. அது பவர் சாக்கெட் பக்கமாக இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

பிறகு போர்டு பக்கம். கேபிளைப் பிடுங்குவதற்கு முன்னால் சிவப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 20-உம் இருப்பதால் எண்ணிப் பார்க்க முடியாது. நேற்று எழுதிய பீப் வழிதான்.

மே 8, மதியம். பாலக்கோடு டீச்சர்

தலைகீழாக மாட்டினால் ஒன்றும் ஆகாது என்று மேலே படித்தேன். என் அனுபவம் வேறு. பழைய லேப்டாப்பிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் போட்டேன். முதல் முறை சுற்றவே இல்லை. திருப்பிப் போட்டேன், சுற்றுகிறது, ஆனால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. அதில் என் அம்மாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் இருக்கின்றன. சிவப்புக் கோடு என்று எதுவுமே அதில் இல்லை.

மே 8, மதியம். தருமபுரி சர்வீஸ்

டீச்சர், நான் நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். பெரிய டிஸ்க்கின் 40 பின்னுக்குத்தான் அது பொருந்தும். லேப்டாப் டிஸ்க் 44 பின். கடைசி நான்கில் 41-உம் 42-உம் 5 வோல்ட். அந்தக் கேபிளிலேயே பவர் போகிறது. அங்கே தலைகீழ் என்றால் கழிக்க வேண்டிய எண் 45. அடாப்டரின் 42 டிஸ்க்கின் 3-க்கும், 41 டிஸ்க்கின் 4-க்கும் போகும். 3-உம் 4-உம் டேட்டா கம்பிகள். முதல் முறை சுற்றாததற்குக் காரணம், டிஸ்க்குக்கு வேண்டிய இடத்தில் 5 வோல்ட் வராமல் அந்த இரண்டு டேட்டா கம்பியில் போய் இறங்கியது.

இப்போது சுற்றுகிறது என்றால் மோட்டார் பகுதிக்குச் சேதமில்லை. உள்ளே தட்டில் எழுதியிருப்பதை அந்த 5 வோல்ட் தொட்டிருக்காது. கணினியோடு பேசும் சிப் அடிபட்டிருக்கலாம். அதே மாடல், அதே போர்டு எண் உள்ள இன்னொரு டிஸ்க்கின் போர்டை மாற்றிப் பார்ப்பது ஒரு வழி. பல டிஸ்க்குகளில் போர்டை மாற்றினால் மட்டும் போதாது, பழைய போர்டிலிருக்கும் ஒரு சின்ன மெமரி சிப்பையும் எடுத்துப் புதியதில் வைக்க வேண்டியிருக்கும். அது என் மேஜையில் செய்யும் வேலை இல்லை. அதுவரை திரும்பத் திரும்ப பவர் கொடுத்துப் பார்க்காதீர்கள். அதைவிட முக்கியமாக, டிஸ்க்கைத் திறக்கிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு: லேப்டாப் டிஸ்க்கில் 44 பின்னுக்குப் பக்கத்தில் ஒரு இடைவெளி விட்டு நான்கு ஜம்பர் பின் தனியாக நிற்கும். அந்த நான்கின் பக்கம்தான் பின் 1. அடாப்டர் அந்த நான்கின் மேல் ஏறிக்கொண்டிருந்தால் அது தள்ளிப் போயிருக்கிறது.

மே 8, இரவு. தருமபுரி சர்வீஸ்

ஃபிளாப்பியையும் இங்கே சொல்லிவிட வேண்டும், எடைமேடைகளில் இன்னும் பேக்கப்பை அதில் வைத்திருக்கிறார்கள். 34 பின் கேபிளில் ஒற்றை எண் எல்லாம் கிரவுண்டு, இரட்டை எண் எல்லாம் சிக்னல். தலைகீழானால் எல்லாச் சிக்னலும் கிரவுண்டில் விழும். அங்கே கிரவுண்டு என்றால் "செய்" என்று பொருள். மோட்டார் சுற்று, லைட் எரி என்பதோடு, 24-ஆம் பின்னின் "எழுது" என்பதும் சேர்ந்துவிடும். தொடங்கிய காலத்தில் ஒரு அரிசி மண்டியில் லைட் நின்று எரிவதைக் கவனிக்காமல், அவர்களிடம் இருந்த ஒரே புரோகிராம் ஃபிளாப்பியை உள்ளே தள்ளினேன். வெளியே எடுத்தபோது அது படிக்கவில்லை. அந்தப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த பத்து நாள் நான் சேலத்துக்கு அலைந்து வேறொரு பிரதி வாங்கி வந்தேன். ஃபிளாப்பி லைட் நின்று எரிந்தால் டிஸ்கை உள்ளே போடவே கூடாது.

மே 9, காலை. காவேரிப்பட்டணம் எடைமேடை

எண்ணிட்டேன். டிஸ்க்ல 9 இருக்கிற பக்கம் பவர் பக்கம்தான். அப்போ டிஸ்க் பக்கம் சிவப்பு சரியா இருக்கு.

போர்டுல மீட்டர் வச்சேன். என் பொண்ணு பீப் எண்ணினா. தனி பீப் வந்த கோடி பெட்டியோட அடிப்பக்கம். தொடர்ந்து அஞ்சு பீப் வந்தது மேல்பக்கம். படத்தைப் பார்த்தா போர்டுல சிவப்புக் கோடு மேல்பக்கம் இருக்கு. அதாவது 40 பக்கம்! ஆனா அதை யாரும் கழட்டலையே. இத்தனை வருஷம் இப்படியேவா ஓடுச்சு?

மே 9, காலை. தருமபுரி சர்வீஸ்

ஆமாம், இப்படியேதான் ஓடியிருக்கிறது, நன்றாகவும் ஓடியிருக்கிறது. முதலில் மாட்டியவர் போர்டிலும் சிவப்பை 40 பக்கம் வைத்தார், டிஸ்க்கிலும் 40 பக்கம் வைத்தார். சிவப்புக் கம்பி இரண்டு முனையிலும் 40-ஐத் தொட்டது. மறு ஓரக் கம்பி இரண்டு முனையிலும் 1-ஐத் தொட்டது. சாயத்துக்கு மின்சாரம் தெரியாது. 1 போய் 1-ஐயும், 40 போய் 40-ஐயும் சேர்ந்தால் போதும்.

உங்கள் பையன் சொன்ன விதி தவறில்லை. அந்த விதிப்படி டிஸ்க் முனையை மட்டும் "சரி" செய்தீர்கள், போர்டு முனை பழையபடி நின்றது. இரண்டு தலைகீழில் ஒன்றை நேராக்கினால் ஒரு தலைகீழ் மிச்சம். லைட் எரிந்தது அதனால்தான்.

இப்போது போர்டு முனையை மட்டும் திருப்பி, சிவப்பு அடிப்பக்கம் வருமாறு மாட்டுங்கள். சுவர் இல்லாததால் ஒரு ஜோடி தள்ளிப் போகவும் வாய்ப்பு உண்டு. மாட்டியபின் இரண்டு கோடியிலும் டார்ச் அடித்து, வெளியே பின் எதுவும் தனியாக நிற்கவில்லை என்று பார்த்துவிட்டுப் பவர் போடுங்கள்.

மே 9, மதியம். ஓசூர் டூல்ரூம்

அப்படின்னா ரெண்டு பக்கமும் தலைகீழா மாட்டினா எப்பவும் ஓடும்னு எடுத்துக்கலாமா சார்? சிவப்பு எதுக்கு அப்புறம்?

மே 9, மாலை. தருமபுரி சர்வீஸ்

எப்பவும் இல்லை. பட்டையில் 40 கம்பி இருக்கும் பழைய கேபிளுக்கு மட்டும். பின்னால் 66 வேகத்துக்கு என்று வந்த 80 கம்பிக் கேபிளைப் பாருங்கள். மெல்லிய கம்பிகள், நீலம், சாம்பல், கறுப்பு என்று மூன்று கனெக்டர். அதிலும் பின் 40 தான், கூடுதல் 40 கம்பியும் கிரவுண்டு. கனெக்டருக்குள்ளேயே கிரவுண்டு பின்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். எந்தத் துளை கிரவுண்டு என்பதைக் கேபிளே முடிவு செய்துவிட்டது. அதை இரண்டு பக்கமும் தலைகீழாகப் போட்டால் ரீசெட்டும் டேட்டா கம்பிகள் சிலவும் அந்தக் கட்டில் போய் விழும். ஓடாது. புடைப்பைச் சீவிவிட்டு மாட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சீவாதீர்கள்.

சிவப்பு எதற்கு என்றால், அடுத்து இந்தப் பெட்டியைத் திறக்கிறவருக்கு. அவர் ஒரு முனையைத்தான் பார்ப்பார். மறு முனை போர்டுக்குப் பின்னால், பவர் சப்ளைக்கு அடியில், கை நுழையாத இடத்தில் இருக்கும். தெரிகிற முனையில் சிவப்பு 1-இல் இருந்தால் தெரியாத முனையிலும் 1-இல் இருக்கும் என்று நம்பித்தான் அவர் மாட்டுவார்.

இன்னொன்று. "பவர் பக்கம் சிவப்பு" என்பதை நானும் இருபது வருஷமாக எப்பவும் என்றே சொல்லி வந்தேன். நேற்று இரவு பரணில் இருக்கும் பழைய டிரைவ்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பதினொன்றில் பத்து அப்படித்தான். ஒன்றில் மாறியிருக்கிறது. இனி "பெரும்பாலும்" என்றுதான் சொல்வேன். 9-உம் 10-உம் எண்ணுவதே கணக்கு.

மே 9, இரவு. கிருஷ்ணகிரி பாலிடெக்னிக்

பழுப்பு ஓரம்தான் அண்ணா. டார்ச்சுல பார்த்தா தெரியுது. ஓடிடுச்சு!

மே 10, காலை. காவேரிப்பட்டணம் எடைமேடை

திருப்பி மாட்டினேன். லைட்டு ஒரு நொடி எரிஞ்சு அணைஞ்சுது, அப்புறம் விட்டு விட்டு மினுக்குது. எடை ஸ்கிரீன் வந்துடுச்சு. காலையில முதல் வண்டி பர்கூர் போற மாங்காய் லோடு. பொண்ணு நகப்பூச்சு எடுத்து போர்டுலயும் டிஸ்க்லயும் பின் 1 பக்கத்துல ஒரு பொட்டு வச்சிருக்கா.

மே 10, காலை. தருமபுரி சர்வீஸ்

டிஸ்க்கில் பொட்டு லேபிள் பக்கம் இருக்கட்டும். அடியில் பச்சைப் போர்டு பக்கம் வேண்டாம், சின்னச் சுவாசத் துளை எங்காவது இருந்து நகப்பூச்சு அடைத்துவிடக் கூடாது. லேபிள் பக்கத்திலும் துளை இருந்தால் அதைத் தொடாமல் ஓரத்தில்.

வண்டி குறையும் நாளில் அந்த டிஸ்க்கை இங்கே கொண்டு வாருங்கள், இன்னொரு டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்துத் தருகிறேன். கேபிளையும் எடுத்து வாருங்கள். புடைப்பு உள்ளதாக ஒன்று மாற்றிப் போடுவோம்.

மே 12, இரவு. பாலக்கோடு டீச்சர்

அதே மாடல் டிஸ்க் ஒன்று கிடைத்திருக்கிறது. போர்டு எண்ணில் கடைசி ஒரு எழுத்து மட்டும் வேறு. வாங்கலாமா?

மே 12, இரவு. தருமபுரி சர்வீஸ்

இப்போது வாங்க வேண்டாம் டீச்சர். இரண்டு போர்டையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். சேலத்தில் சிப் மாற்றுகிற ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.